423-ஐக் கேட்டால் 355 வருவது ஏன்? திருக்குறள் மனப்பாடம் உள்ளே எப்படி வேலை செய்கிறது

மசினகுடியில் ஒரு வீட்டு வாசல், மாலை நேரம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி திருக்குறளின் முதல் 50 அதிகாரங்களை வரிசையாக ஒப்பித்து முடித்திருக்கிறாள். எங்கும் திக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்திருக்கும் அம்மாயி கேட்கிறார்: “நானூத்தி இருபத்தி மூணு சொல்லு கண்ணு.” அவள் யோசிக்காமல் சொல்கிறாள்: “எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு.” அம்மாயி விரலால் பக்கத்தைத் தேடிவிட்டுத் தலையசைக்கிறார். “அது முந்நூத்தி அம்பத்தஞ்சு சாமி.”

500 குறளைப் பிசகாமல் சொன்னவளுக்கு ஒரு குறளில் எப்படித் தவறியது? தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் திருக்குறள் முற்றோதல் அறிவிப்பு வரும்போதெல்லாம் பெற்றோர் கேட்கும் கேள்வியும் இதுதான்: “பிள்ளை 1330-ஐயும் சொல்லுதே, அப்புறம் எங்கே போச்சு?” இதற்குப் பதில் பிள்ளையின் திறமையில் இல்லை. பழகிய முறையில் இருக்கிறது.

வரிசை வேறு, முகவரி வேறு

முற்றோதலில் 1330 குறளையும் ஒப்பித்தால் மட்டும் போதாது. அதிகாரத்தின் பெயரைச் சொல்லியோ, குறள் எண்ணைச் சொல்லியோ, பொருளைச் சொல்லியோ கேட்பார்கள். அதற்குரிய குறளைச் சொல்ல வேண்டும். இவை இரண்டு தனித்தனி வேலைகள்.

வரிசையாக ஓதும்போது ஒவ்வொரு குறளையும் அதற்கு முந்தைய குறள் இழுத்து வருகிறது. ‘நிற்க அதற்குத் தக’ என்று முடித்ததும் ‘எண்ணென்ப’ தானாக நாவுக்கு வரும். இது சங்கிலி. நடுவில் ஒரு கண்ணியைத் தொட்டு “இது எத்தனையாவது?” என்று கேட்டால் சங்கிலிக்குத் தெரியாது. எண்ணைக் கேட்டதும் குறள் வரவேண்டுமென்றால், ஒவ்வொரு குறளுக்கும் முந்தைய குறளின் உதவியில்லாமல் போய்ச் சேர ஒரு வழி வேண்டும். அதை முகவரி என்று சொல்லலாம். வீட்டில் பெரும்பாலும் சங்கிலி மட்டும்தான் பழக்கப்படுகிறது, ஏனென்றால் அதுதான் கேட்க அழகாக இருக்கிறது.

சங்கிலியை முதலில் பார்ப்போம். அது உறுதியாக இல்லாவிட்டால் முகவரி கட்ட இடமில்லை.

துண்டு என்பது சீர்தான்

புதிதாகக் கேட்ட ஒன்றை மனம் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளும் அளவு மிகச் சிறியது. உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அந்த அளவைச் சுமார் நான்கு துண்டுகள் என்று கணித்தார். துண்டு எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை, எத்தனை என்பதுதான் கணக்கு. ‘க, ற், க’ என்று மூன்று எழுத்தாகக் கேட்பவருக்கு அது மூன்று துண்டு. ‘கற்க’ என்று ஒரே வீச்சில் கேட்பவருக்கு ஒன்று.

குறள் வெண்பாவின் முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர். முதலடி அந்த நான்கு என்ற அளவுக்கு அப்படியே பொருந்துகிறது, இரண்டாமடி அதற்கும் உள்ளே அடங்குகிறது. அதனால் குறளைப் பிரிக்க நாமாக ஒரு முறை கண்டுபிடிக்கத் தேவையில்லை. சீர் எங்கே முடிகிறதோ அங்கே பிரித்தால் போதும்:

தொட்டனைத் | தூறும் | மணற்கேணி | மாந்தர்க்குக்
கற்றனைத் | தூறும் | அறிவு

ஒரு சீருக்குத் தொடைமேல் கையால் ஒரு தட்டு. நான்காம் தட்டுக்குப் பிறகு சின்ன மூச்சு, ஏழாம் தட்டுக்குப் பிறகு முழு மூச்சு.

இங்கேதான் பலர் முதல் தடுமாற்றத்தைச் சந்திக்கிறார்கள். சில பதிப்புகள் படிப்பவர் வசதிக்காகச் சந்தி பிரித்து ‘தொட்டனைத்து ஊறும்’ என்று அச்சிடுகின்றன. பொருள் புரிய அது நல்ல உதவி. ஆனால் அதையே ஓதினால் சீரின் எல்லை இடம் மாறி, தட்டும் சொல்லும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகும். பள்ளிப் பாடநூலில் ஒரு வடிவம், வீட்டுப் புத்தகத்தில் இன்னொன்று, கைபேசியில் கேட்கும் பாட்டில் மூன்றாவது என்று இருந்தால், நாக்கு மூன்றுக்கும் நடுவில் நின்றுவிடும். ஆகவே ஓதுவதற்குச் சீர் பிரித்த ஒரே ஒரு பதிப்பு, பொருளுக்கு மட்டும் சந்தி பிரித்த பதிப்பு என்று வைத்துக்கொள்வது நல்லது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறும். இன்று பரவலாக வழங்கும் எண்கள் பரிமேலழகர் வைப்புமுறையைப் பின்பற்றியவை. மணக்குடவர் உரைப் பதிப்பில் பழகியவருக்கு எண்கள் ஒத்துவராது.

ஒரு அதிகாரத்தை எடுத்துப் பார்ப்போம்: 40, கல்வி

இரண்டாமடியை முதலடியோடு பிணைப்பது பெரும்பாலும் எதுகை, அதாவது இரண்டாம் எழுத்தின் ஒற்றுமை. கல்வி அதிகாரத்தின் பத்துக் குறளையும் அடிகளின் முதற்சொல்லை மட்டும் வைத்துப் பாருங்கள்.

1. 391: கற்க – நிற்க
2. 392: எண்ணென்ப – கண்ணென்ப
3. 393: கண்ணுடையர் – புண்ணுடையர்
4. 394: உவப்பத் – அனைத்தே
5. 395: உடையார்முன் – கடையரே
6. 396: தொட்டனைத் – கற்றனைத்
7. 397: யாதானும் – சாந்துணையுங்
8. 398: ஒருமைக்கண் – எழுமையும்
9. 399: தாமின் – காமுறுவர்
10. 400: கேடில் – மாடல்ல

முதல் மூன்றும் வழுக்கிக்கொண்டு போகும். 391-இன் முதலடியில் நான்கு சீரும் ‘க’வில் தொடங்குவதால் அது ஒரே கட்டாக நிற்கிறது. 392 ‘கண்ணென்ப வாழும் உயிர்க்கு’ என்று சொல்லும்போதே 393-இன் ‘கண்ணுடையர்’ காதில் தயாராகிவிடுகிறது. 396-இல் ‘ட்’டும் ‘ற்’றும் ஒரே எழுத்து அல்ல, ஆனால் இரண்டும் வல்லினம் என்பதால் ஓசை ஒட்டுகிறது. 398-இல் ‘ரு’வும் ‘ழு’வும் இடையினம்.

394-க்கு வாருங்கள். ‘உவப்பத்’ என்பதற்கும் ‘அனைத்தே’ என்பதற்கும் எதுகை இல்லை. கல்வி அதிகாரத்தில் பிள்ளைகள் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். ‘உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல்’ என்றதும் கண் மேலே போகும், அடுத்த சொல் வராது. கொக்கி இல்லாத இடத்தில் நாமே ஒன்றை மாட்ட வேண்டும். இங்கே பொருள்தான் கொக்கி. மகிழக் கூடுவதும் நினைத்து ஏங்கும்படி பிரிவதும், ‘அவ்வளவுதான்’ புலவர் தொழில். ‘அவ்வளவுதான்’ என்று மனம் சொன்னதும் வாய் ‘அனைத்தே’ என்று தொடங்கும். 397-க்கும் இதே கதிதான். அதில் ‘யா’, ‘சா’ என்ற நெடில் ஒலி மட்டும்தான் துணை.

இதே அதிகாரத்தில் இன்னொரு பள்ளமும் உண்டு. 393-உம் 395-உம் ‘கல்லா தவர்’ என்றே முடிகின்றன. சங்கிலியில் ஒரே மாதிரி இரண்டு கண்ணி. 393-ஐ முடித்தவர் நேரே 396-க்குத் தாவுவார், அல்லது 395-ஐ முடித்தவர் திரும்ப 394-க்குள் போவார். குறளை விட்டதோ திரும்பச் சொன்னதோ சொல்பவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் ஓசை எங்கும் அறுந்திருக்காது. கேட்பவர் விரல் விட்டு எண்ணினால்தான் பிடிபடும்: பத்துக்குப் பதில் எட்டோ பன்னிரண்டோ வந்திருக்கும்.

மற்றொரு வகைப் பிழையைக் காதே பிடித்துவிடும். 396-ஐச் சொல்லும்போது ‘மாந்தர்க்கு’ மறந்துபோய் ‘மனிதர்க்கு’ என்று வந்துவிட்டது என்று வையுங்கள். பொருள் கெடவில்லை. ஆனால் ‘மணற்கேணி’ காய்ச்சீர். வெண்பாவில் காய்ச்சீரை அடுத்து நேரசைதான் வரவேண்டும். ‘மாந்’ நேர், ‘மனி’ நிரை. அந்த இடத்தில் தட்டு இடறும். தளை இலக்கணத்தின் பெயர் தெரியாத பிள்ளைக்கும் இந்த இடறல் கேட்கும், ஒரே தாளத்தில் ஓதிப் பழகியிருந்தால்.

அதிகாரத்தை மூன்று நாளில் ஏற்றுவது

ஒரு நாளைக்குப் பத்து என்று ஏற்றினால் மறுநாள் நான்கு மிஞ்சும். 4, 3, 3 என்று மூன்று நாளில் ஏற்றுவது மெதுவாகத் தெரியும், ஆனால் 133 அதிகாரமும் 399 நாளில் முடிந்துவிடும். ஒரு நாளின் வேலை இப்படிப் போகலாம்:

1. முதலில் பொருள். ஒரு குறளுக்கு ஒரு வாக்கியம், பிள்ளையின் சொந்தச் சொல்லில்.

2. இரண்டாமடியின் மூன்று சீரை முதலில் உறுதியாக்குங்கள், பிறகு முதலடியைச் சேருங்கள். எப்போதும் தொடக்கத்திலிருந்தே ஆரம்பித்துத் தடுக்கி, மறுபடி தொடக்கத்துக்கே போனால், முதலடி இருபது தடவை சொல்லப்பட்டிருக்கும், கடைசிச் சீர் ஐந்து தடவைதான். வால் பலவீனமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

3. மூட்டுப் பயிற்சி. ஒரு குறளின் கடைசிச் சீரையும் அடுத்த குறளின் முதற்சீரையும் மட்டும் தனியாகச் சொல்வது: ‘தக – எண்ணென்ப’, ‘உயிர்க்கு – கண்ணுடையர்’, ‘தவர் – உவப்பத்’, ‘தொழில் – உடையார்முன்’. பத்துக் குறளுக்கு ஒன்பது மூட்டு, அடுத்த அதிகாரத்துக்குப் போக ஒன்று. மேலே சொன்ன ‘கல்லா தவர்’ பள்ளம் இந்தப் பயிற்சியில்தான் வெளியே வரும்.

4. புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்வது. ஏற்றி முடித்துப் பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை.

இந்த நான்காவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பார்த்துப் பார்த்துப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பாராமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள்தான் முன்னால் வந்தார்கள். முதல் நாள் மாலை நன்றாகச் சொன்னதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது இதன் பொருள்.

கேட்பவருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை நின்றவுடன் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பது அன்பாகத் தோன்றும், ஆனால் தேடும் வேலையை அது பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிடுகிறது. மனதுக்குள் பத்து எண்ணுங்கள். வராவிட்டால் ஒரே ஒரு சீரைக் கொடுங்கள், அடியை அல்ல. நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரே இடத்தில் மூன்று புள்ளி விழுந்தால் அங்கே கொக்கி இல்லை என்று அர்த்தம்.

ஏறியதா என்று பார்க்க ஒரு சோதனை: தாளமில்லாமல், பாதி வேகத்தில், பேசுவது போலச் சொல்லச் சொல்லுங்கள். வேகமாக மட்டுமே வருகிறது, மெதுவாக வரவில்லை என்றால் நாக்குப் பழக்கம் மட்டும்தான் இருக்கிறது. சபையில் பயத்தால் வேகம் குறையும்போது அது அறுந்துவிடும்.

எண்ணை எப்படிக் கட்டுவது?

எண்ணுக்கு 1330 முகவரி தேவையில்லை. 133 போதும், மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். குறள் எண்ணின் கடைசி இலக்கத்தை நீக்கி ஒன்றைக் கூட்டினால் அதிகார எண், நீக்கிய இலக்கம் அதிகாரத்துக்குள் அதன் இடம். 423: 42-உடன் ஒன்று, 43-ஆம் அதிகாரம் அறிவுடைமை, மூன்றாவது குறள். 355: 35-உடன் ஒன்று, 36-ஆம் அதிகாரம் மெய்யுணர்தல், ஐந்தாவது. கடைசி இலக்கம் சுழியம் என்றால் கூட்ட வேண்டாம்: 400 என்பது 40-இன் பத்தாவது.

அப்படியென்றால் எண்ணைக் கேட்டதும் அதிகாரத்தின் பெயர் வரவேண்டும், அதுதான் முக்கியம். இதற்கு மசினகுடிப் பிள்ளைகளுக்குக் கையருகில் ஒரு வசதி இருக்கிறது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. அந்தப் பாதையில் தினமும் போய்வரும் ஒருவருக்கு அது 36 முகவரி. ஒவ்வொரு வளைவிலும் அதே எண்ணுள்ள அதிகாரத்துக்கு ஒரு படத்தை மனதில் வைக்க வேண்டும். 2-ஆம் வளைவில் கொட்டும் மழை: வான்சிறப்பு. 9-இல் சாலையோரம் இலை போட்டுச் சோறு: விருந்தோம்பல். 33-இல் புள்ளிமான் குறுக்கே வர, ஓட்டுநர் பிரேக் போட்டு நிற்கிறார்: கொல்லாமை. ஆக 321 என்று கேட்டால் மான் நிற்கும் வளைவு, முதல் குறள்: ‘அறவினை யாதெனின் கொல்லாமை’. அறத்துப்பாலின் 38 அதிகாரத்தில் 36 இங்கேயே அமர்ந்துவிடும். மீதி இரண்டுக்கு, அவாவறுத்தலுக்குத் தலைகுந்தா சந்திப்பும் ஊழுக்கு ஊட்டிப் பேருந்து நிலையமும் போதும்.

வளைவில் முழு அதிகாரத்தையும் சொல்ல நேரமிருக்காது. சீரான வேகத்தில் ஒரு அதிகாரத்துக்கு ஒரு நிமிடம் ஆகும், அதற்குள் அடுத்த பலகை வந்துவிடும். அதிகாரப் பெயரும் முதல் குறளின் முதற்சீரும் மட்டும் சொன்னால் போதும். ஒரு திசையில் போகும்போது எண் ஏறும், திரும்பும்போது இறங்கும். இறங்குவரிசையில் சொல்வதுதான் உண்மையான பயிற்சி, அப்போது சங்கிலி உதவிக்கு வராது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அதே வளைவுகளில் பொருட்பாலையும் ஏற்றக் கூடாது. ஒரே இடத்தில் இரண்டு படம் இருந்தால் இரண்டும் கலங்கும். பொருட்பாலுக்கு வேறு தெரு, வேறு வழி.

இரட்டைக் குறள்கள்

இப்போது அந்தப் பெண் தவறிய இடத்துக்குத் திரும்பலாம்.

355: எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு.
423: எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு.

ஏழு சீரில் ஐந்து ஒன்றே. போதாததற்கு 358 ‘செம்பொருள் காண்ப தறிவு’ என்றும், 424 ‘நுண்பொருள் காண்ப தறிவு’ என்றும் முடிகின்றன. நான்கு குறள் ஒரே வாலோடு இருக்கின்றன. வரிசையாகச் சொல்லும்போது முந்தைய குறள் காப்பாற்றிவிடும். எண்ணைச் சொல்லிக் கேட்டால் ‘எப்பொருள்’ என்று வாய் திறந்ததும் எது முதலில் ஏறியதோ அது வெளியே வரும். அவளுக்கு 355 முதலில் ஏறியிருந்தது. அதை இன்னும் நூறு தடவை சொன்னாலும் இந்தத் தவறு போகாது, 355 இன்னும் வலுவாகும்.

இரட்டையைப் பிரிக்கும் வழி, ஒத்த ஐந்து சீரை விட்டுவிட்டு வேறுபடும் இரண்டு சீரை அதிகாரத்தோடு கட்டுவது. 36 துறவறவியலில் மெய்யுணர்தல். பொருளின் தன்மையைத் தாண்டி உண்மையை உணர்வது அங்கே பேச்சு, ஆகவே ‘எத்தன்மைத்து’. 43-க்கு முந்தைய அதிகாரம் எது? 42, கேள்வி. கேள்வியை முடித்துக்கொண்டு வருபவருக்கு ‘கேட்பினும்’ என்பதை நினைவூட்டவே வேண்டாம்.

பிறகு இரண்டையும் அக்கம்பக்கத்தோடு சொல்லிப் பழக வேண்டும்: ‘இல்லா தவர்க்கு – எப்பொருள் எத்தன்மைத் – கற்றீண்டு’. ‘உய்ப்ப தறிவு – எப்பொருள் யார்யார்வாய்க் – எண்பொருள’. ஒன்று நன்றாக நிலைத்த பிறகே மற்றதை இதோடு எதிரெதிரே வைக்க வேண்டும். இரண்டும் அரைகுறையாக இருக்கும்போது ஒன்றாகப் பழகினால் குழப்பம்தான் கூடும். இப்படிப்பட்ட இரட்டைகளுக்குத் தனியாக ஒரு தாள் வைத்து, கண்ணில் படப் படச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

ஏறியது இறங்காமல் இருக்க

1330 குறளையும் நிதானமாக ஓத இரண்டேகால் மணி நேரம் ஆகும். தினமும் அது நடக்காது. ஆனால் 133-ஐ ஏழால் வகுத்தால் சரியாக 19. நாளுக்கு 19 அதிகாரம், இருபது நிமிடம், வாரத்துக்கு ஒருமுறை முழுத் திருக்குறள். திங்கட்கிழமை 1 முதல் 19, செவ்வாய் 20 முதல் 38, அதோடு அறத்துப்பால் முடிந்தது. புதனன்று 39, இறைமாட்சியில் பொருட்பால் தொடங்குகிறது. வியாழனும் வெள்ளியும் 58 முதல் 95 வரை. இந்த நடுப்பகுதிதான் முதலில் தளரும், தொடக்கத்தைப் போல அது ஆயிரம் தடவை சொல்லப்பட்டதில்லை, கடைசியைப் போலப் புதிதுமில்லை. அந்த இரண்டு நாளும் வரிசையை விட்டுவிட்டு 95-இல் தொடங்கி, அதிகாரம் அதிகாரமாகப் பின்னோக்கி வந்தால் தளர்ந்த இடங்கள் தெரிந்துவிடும். பென்சில் புள்ளிகள் அதிகம் விழுந்த அதிகாரங்களை மறுநாள் காலை ஒருமுறை கூடுதலாகச் சொன்னால் போதும்.